பயிற்சி வினாக்களைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

செய்தி கொஞ்சம் நீளம். நாளை படம் எடுக்க உட்காருவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நம் வகுப்பில் 46 பேர். பயிற்சி வினாத் தொகுப்பு 11 பேரிடம்தான் இருக்கிறது. மீதி 35 பேரும் குழுவில் வரும் படங்களை நம்பித்தான் கணக்குப் போடுகிறோம். நானும் அந்த 35 பேரில் ஒருத்தி. தேர்வுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிலைமின்னியலில் 14-ஆம் வினா. இரண்டு மின்னூட்டங்கள், ஒன்று 2×10⁻⁶ C, மற்றது 3×10⁻⁶ C, இடைவெளி 0.3 m, விசை எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். படத்தில் இரண்டாவது அடுக்கு கலங்கிக் கிடந்தது. பாதிப் பேர் அதை −6 என்று படித்தோம், பாதிப் பேர் −8 என்று படித்தோம். ஒரு பக்கம் 0.6 நியூட்டன், மறுபக்கம் 0.006 நியூட்டன். இரு தரப்பும் கூலூம் விதியைச் சரியாகத்தான் போட்டிருந்தன. ஆனாலும் 40 நிமிடம் வாதம். தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து ஒரு தோழி அதை மூன்று முறை அழித்து எழுதினாள். புத்தகம் வைத்திருந்தவர் வந்து பக்கத்தைத் திறந்து காட்டியபோதுதான் யாருக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை என்று புரிந்தது. படம் எடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது குழுவில் வந்தவுடனே பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பேன்.

ஒரு கதையில் நான்கு எழுத்து மங்கியிருந்தாலும் நாமே ஊகித்துப் படித்துவிடுவோம். கணக்கில் ஊகத்துக்கு இடமே கிடையாது. தசமப் புள்ளி, கழித்தல் குறி, அடுக்கு, கீழே சின்னதாக எழுதும் எண், வேதிச் சமன்பாட்டின் அம்புக்குறி இவைதான் பக்கத்திலேயே மிகச் சிறியவை. படம் கொஞ்சம் ஆடினால் முதலில் காணாமல் போவதும் இவைதான். 1.5 என்பது 15 ஆகிவிடும், யாருக்கும் சந்தேகம்கூட வராது.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பையிலும் கையிலும் கிடந்த போனில் விரல் பிசுக்கு ஒட்டியிருக்கும். படம் முழுக்கப் பனி மூடியது போல வெளுத்துப்போக அதுவே போதும். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது வெளிச்சம். நமக்கு வரும் மோசமான படங்களில் பெரும்பாலானவை இரவில், தலைக்கு மேல் ஒரே விளக்கு எரியும் அறையில் எடுத்தவை. விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தலையும் கையும் போனும் சேர்ந்து பக்கத்தின் நடுவில் நிழல் போடும். மேசையைத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரும்படி உட்காருங்கள். முடிந்தால் பகலிலேயே எடுத்துவிடுவது நல்லது. ஜன்னலோரம் போதும், ஆனால் வெயில் நேராகப் பக்கத்தில் விழக் கூடாது. இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் ஒரு மேசை விளக்கை ஒரு பக்கம் சாய்வாக வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி வையுங்கள். தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மறுபக்க நிழலைக் குறைத்துவிடும். நான் நேற்று செய்து பார்த்தேன், நம்ப முடியாத அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது.

ஃபிளாஷ் வேண்டாம். நம் தொகுப்பின் தாள் வழவழப்பானது. ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழுகிறது, அதற்குள் இருக்கும் வரி போய்விடுகிறது. போன வாரம் வந்த வெப்ப இயக்கவியல் படங்களில் மூன்றில் இந்த வட்டம் இருந்தது.

வெளிச்சம் குறைந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. போதுமான ஒளியைச் சேர்க்க கேமரா கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் கை அசைந்துவிடும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அல்லது நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, அதன் விளிம்பில் கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைப் படுக்க வைத்து, டைமரை 3 நொடிக்கு வைத்து எடுங்கள். ஒரு பாடம் முழுவதையும் எடுக்கப்போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதி. பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போகலாம்.

போன் பக்கத்துக்கு நேர் மேலே, பக்கத்துக்கு இணையாக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் மேல்வரி சிறுத்தும் கீழ்வரி பெருத்தும் போகும். ஓர் ஓரம் ஃபோகஸில் இருக்கும், மறு ஓரம் இருக்காது. கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் பக்கத்தின் விளிம்பு கோணலாக இருப்பது உடனே தெரியும். படம் எடுக்கும் முன் திரையில் எழுத்தின் மேல் ஒருமுறை தொட்டு, ஃபோகஸ் நிலைக்கும் வரை ஒரு மூச்சு பொறுங்கள். தெளிவாக வர வேண்டும் என்று மிகவும் கிட்டே கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் கிட்டே போனால் லென்ஸால் ஃபோகஸ் செய்யவே முடியாது. பின்னால் நகர்த்துங்கள், தேவையில்லாத ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நடுமடிப்பின் அருகே பக்கம் வளைந்து உள்ளே போகும். அங்கேதான் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ நசுங்குகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஓரத்தை மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், விரல் எழுத்தின் மேல் படாமல். தொகுப்பு நூலக உடைமை. தையல் விடும்படி விரித்துவிடாதீர்கள்.

இரண்டு பக்கங்களை ஒரே படத்தில் அடக்க வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 12 மெகாபிக்சல் கேமராவின் படம் பொதுவாக 4000×3000 புள்ளிகள் கொண்டது. A4 பக்கத்தின் நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 11.7 அங்குலம். ஒரு பக்கம் படத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 340 புள்ளிகள் கிடைக்கின்றன. சின்ன அடுக்குகூடத் தெளிவாகத் தெரியும். இப்போது அதே படத்தைச் செய்திச் செயலி குறுக்கி, நீளவாக்கில் 1600 புள்ளிகள் ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 137 புள்ளிகள்தான் மிஞ்சும். இரண்டு பக்கங்களைச் சேர்த்து எடுத்திருந்தால் அது 97 ஆக இறங்கிவிடும். உங்கள் போனில் பளிச்சென்று இருந்த படம் எங்கள் போனில் கலங்கி வருவது இதனால்தான். நீங்கள் பார்ப்பது மூலப் படம், நாங்கள் பார்ப்பது குறுக்கிய படம்.

ஆகவே படங்களைச் சாதாரணப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு குறுகாமல் அப்படியே வரும். சில போன்கள் படத்தை `.heic` என்ற வடிவில் சேமிக்கின்றன. பழைய கணினிகள் சிலவற்றில் அது திறக்காது. கேமரா அமைப்பில் `JPEG` என்று மாற்றிக்கொள்ளுங்கள். கோப்புக்கு "இயற்பியல்-3-பக்கம்-112" என்பது போலப் பெயர் வைத்தால் எனக்கு வரிசைப்படுத்தும் வேலை பாதியாகக் குறையும்.

ஸ்கேன் செய்யும் செயலியைப் பயன்படுத்தலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. கோணலை நிமிர்த்தும், நிழலை ஓரளவு அகற்றும், எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். ஒன்றில் மட்டும் கவனம்: கறுப்பு வெள்ளை முறையில் வைக்காதீர்கள். மெல்லிய கோடுகளை அழுக்கு என்று நினைத்து அது அழித்துவிடுகிறது. ஒளியியல் பாடத்தில் கதிர்களின் புள்ளிக்கோடுகளும், வரைபடத் தாளின் சிறு கட்டங்களும் அப்படித்தான் போயின. வண்ண முறையிலேயே இருக்கட்டும்.

வினா முழுமையாக வருகிறதா என்று பார்ப்பது இத்தனைக்கும் மேலான வேலை. "12 முதல் 15 வரையுள்ள வினாக்களுக்குக் கீழ்க்காணும் அட்டவணையைப் பயன்படுத்துக" என்று முந்திய பக்கத்தில் இருக்கும். வினாக்கள் மட்டும் குழுவுக்கு வரும், அட்டவணை வராது. அல்லது நான்காவது விடைத்தெரிவு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். வினா எண், பக்க எண், படம், கொடுக்கப்பட்ட மாறிலிகள் எல்லாம் படத்துக்குள் இருக்க வேண்டும்.

விடைகள் தெரியக் கூடாது. முன்பு படித்தவர்கள் பென்சிலால் குறியிட்டிருந்தால் ஒரு சிறு தாள் துண்டால் அதை மறைத்துவிட்டு எடுங்கள். விடையைப் பார்த்துவிட்டுப் போடும் கணக்கில் நாம் எங்கே தடுமாறுகிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும். விடைப் பக்கங்களைக் கூட்டுப் படிப்பு முடிந்த பிறகு தனியாக அனுப்புகிறேன்.

நம்மில் ஒருவர் திரைவாசிப்பான் உதவியோடு படிக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். படத்தில் இருக்கும் எழுத்தை அந்தக் கருவி நேரடியாக வாசிக்காது. எழுத்துணரிச் செயலி மூலம் எடுத்தால், மங்கலான படத்திலிருந்து பிழையான எண்கள்தான் வரும். அவருக்காக இருவர் முக்கியமான வினாக்களைத் தட்டச்சு செய்து தருகிறார்கள். படம் சுத்தமாக வந்தால் அவர்களுடைய நேரமும் மிஞ்சும், அவருக்கும் நம்மோடு ஒரே சமயத்தில் வினா கிடைக்கும். இதுவரை அவருக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் போயிருக்கிறது. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்தப் படங்கள் நம் குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு; ஆகவே புத்தகம் முழுவதையும் எடுக்க வேண்டாம், அந்தந்த வாரம் போடவிருக்கும் வினாக்கள் மட்டும் போதும். திருத்திய விடைத்தாளின் படம் அனுப்பினால் பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்துவிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போனில் இருக்கும் படத்தை மட்டும் பார்த்து ஏதாவது ஒரு வினாவை வாய்விட்டுப் படியுங்கள். எங்காவது நின்று யோசிக்க வேண்டியிருந்தால், எங்களால் அதைப் படிக்கவே முடியாது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

இந்த வாரம்: மின்னோட்டவியல் வினாக்கள் முதல் வரிசைக்காரர்களிடம், கரிம வேதியியல் நடு வரிசையிடம், தொகை நுண்கணிதம் கடைசி வரிசையிடம். புத்தகம் உள்ளவர்கள் தங்கள் வரிசைக்குள்ளேயே பக்கங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு 8 மணிக்குள் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை முழுவதும் நான் சரிபார்த்து, சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் ஒரே கோப்பாகத் தந்துவிடுவேன். யாருடைய போன் கேமராவாவது சரியில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். மதிய இடைவேளையில் என் போனில் சேர்ந்து எடுத்துவிடலாம்.

உங்கள் வகுப்புத் தலைவி