பொருள்: கிராமச் சந்தை பற்றிய உங்கள் உரைக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி தேன்மொழி. ஷாம்புவைப் பாட்டிலில் வாங்குவதைவிடச் சிறு பாக்கெட்டில் வாங்குவது பல நேரம் மலிவாக இருப்பது ஏன் என்று வியாழக்கிழமை வகுப்பில் உங்களிடம் கேட்டவள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று நாணயத்தோடு விலை கட்டப்பட்டிருப்பதையும், விலையை ஏற்ற முடியாத நிறுவனம் அளவில்தான் கை வைக்கும் என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். மிக்க நன்றி.

சிக் ஷாம்புவின் காலி பாக்கெட் திட்டத்தை நாங்கள் ஏற்கெனவே படித்திருந்தோம். முதலில் எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம், பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாறிய கதை. வாடிக்கையாளரை இழுக்கும் சலுகையாக மட்டுமே அதை நான் பார்த்திருந்தேன். காலி பாக்கெட்டோடு ஆள் வந்து நிற்கும்போது, சரக்கு வைத்திருக்காத கடைக்காரர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்டதும் வகுப்பே அமைதியானது. கடைக்காரரையே சரக்குக் கேட்க வைத்த திட்டம் அது என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகாததால், ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி அருகே எங்கள் ஊர் மளிகைக் கடையில் போய் உட்கார்ந்து கவனித்தேன். வந்தவர்களில் பலர் பெயர் சொல்லாமல் ஷாம்பு என்று மட்டும்தான் கேட்டார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கிய ஒரே சரத்திலிருந்துதான் கிழித்துக் கொடுத்தார். தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் ஷாம்புவின் சரம் உள்ளே, பருப்பு டின்களுக்குப் பின்னால் கிடந்தது. காரணம் கேட்டேன். முன்னால் தொங்கும் ஷாம்புவின் விற்பனையாளர் வாரம் தவறாமல் வருகிறாராம், எலி கடித்த பாக்கெட்டை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறாராம். எவ்வளவு பெரிய விளம்பரச் செலவையும் அந்த ஒரு பழக்கம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

விளம்பர நினைவாற்றல் பற்றி இறுதி ஆண்டுத் திட்ட அறிக்கை எழுதுவதாக இருந்தேன். இப்போது தலைப்பை மாற்றிவிட்டேன்: சிற்றூர் மளிகைக் கடைகளில் எந்தப் பொருள் முன்னால் தொங்குகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் புதிய ஆய்வு. பேராசிரியரும் ஒப்புக்கொண்டார்.

விற்பனையாளர்கள் கடைகளுக்குச் செல்லும் வாராந்திர வழித்தட அட்டவணையின் மாதிரி ஒன்றை அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். நிறுவனத் தகவல்களை நீக்கிவிட்டு, நேரம் கிடைக்கும்போது அனுப்பினால் கேள்விப் பட்டியல் தயாரிக்கப் பேருதவியாக இருக்கும். அவசரம் ஒன்றும் இல்லை, கள ஆய்வை அடுத்த மாதம்தான் தொடங்குகிறேன்.

வகுப்பு முடிந்த பிறகும் ரயிலுக்கு நேரமாவதைப் பொருட்படுத்தாமல் படிக்கட்டருகே நின்று எங்களுக்குப் பதில் சொன்னீர்கள். கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த என் தோழிகள் இருவர் அங்கேதான் முதன்முதலாக வாய் திறந்தார்கள். அவர்கள் சார்பிலும் நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேன்மொழி
எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு, மதுரை