புறக்கோட்டைப் பந்தி: திருத்தக் குறிப்பு

தரம் 10, கட்டுரைக் கொப்பி. ‘எனக்குத் தெரிந்த ஓர் இடம்’, இரண்டாம் பந்தி.

பிள்ளை, கட்டுரையை முழுவதும் வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை, தகவலும் சரி. இரண்டாம் பந்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள்.

“புறக்கோட்டை கொழும்பில் உள்ள பெரிய சந்தை. புறக்கோட்டை கோட்டை புகையிரத நிலையத்துக்கு அருகில் உள்ளது. புறக்கோட்டையில் பல குறுக்குத் தெருக்கள் உள்ளன. புறக்கோட்டையில் 1909இல் கட்டிமுடித்த சிவப்புப் பள்ளிவாசல் உள்ளது. புறக்கோட்டையில் நாட்டாமிமார் கைவண்டி இழுக்கிறார்கள். புறக்கோட்டையில் செட்டியார் தெருவில் நகைக்கடைகள் உள்ளன. புறக்கோட்டையில் என் அப்பாவும் வேலை செய்கிறார். புறக்கோட்டை இரவில் அமைதியாகிவிடும்.”

எட்டு வசனங்களும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். போதாததற்கு, பாதி வசனங்கள் ‘உள்ளது’, ‘உள்ளன’ என்று முடிகின்றன. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், தொடக்கத்தை மட்டும் மாற்றினால் போதாது. முடிவையும் கவனிக்க வேண்டும்.

இதனால் வந்த நட்டம் ஏழாவது வசனத்தில் தெரிகிறது. அப்பா அங்கே வேலை செய்கிறார் என்பது, இந்தப் பந்தியில் உங்களால் மட்டும் எழுதக்கூடிய செய்தி. நகைக்கடைக்குக் கொடுத்த அதே அளவை, அதே அமைப்பை அவருக்கும் கொடுத்திருக்கிறீர்கள். வாசிக்கிறவர் அவரைக் கவனிக்காமலே கடந்து போய்விடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை.

உங்கள் தகவல்களையே வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

“கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் புறக்கோட்டை. கொழும்பின் பெரிய சந்தை அதுதான். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கும் குறுக்குத் தெருக்களில் ஒன்றில், 1909இல் கட்டிமுடித்த சிவப்புப் பள்ளிவாசல் நிமிர்ந்து நிற்க, அந்தத் தெருக்களின் நெரிசலுக்குள் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள் நாட்டாமிமார். செட்டியார் தெருப் பக்கம் திரும்பினால் வரிசையாக நகைக்கடைகள். என் அப்பா வேலை செய்வதும் இங்கேதான். பகலெல்லாம் இப்படி இரையும் இடம், இரவானதும் அமைதியாகிவிடும்.”

முதல் வசனத்தில் வினைமுற்றே இல்லை. ‘புறக்கோட்டை’ கடைசிக்குப் போனதும், வாசிக்கிறவர் நடந்துபோய் அந்த இடத்தைச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது வசனத்தில் உங்கள் மூன்று வசனங்கள் சேர்ந்திருக்கின்றன. ‘கிடக்கும்’ என்ற பெயரெச்சமும் ‘நிற்க’ என்ற வினையெச்சமும் அவற்றை இணைத்தன. முடிவில் ‘போகிறார்கள் நாட்டாமிமார்’ என்று எழுவாயைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். நம் மொழியில் வேற்றுமை உருபும் வினைமுற்றின் விகுதியும் யார், எங்கே என்பதைக் காட்டிவிடுவதால் சொற்களை இப்படி இடம்மாற்ற முடிகிறது. கிடைத்திருக்கிற வசதியைப் பயன்படுத்துங்கள்.

நெடிய வசனமொன்று போன பிறகு அப்பா வருகிறார், சின்ன வசனத்தில். ‘இங்கேதான்’ என்ற முடிவில் குரல் தானாக நின்றுவிடுகிறது. அந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் மற்ற வசனங்களின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன்.

இரண்டு விடயங்களில் கவனம். ‘புறக்கோட்டை’யை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் ‘அங்கு’, ‘அங்கு’ என்று போடுவது மாற்றம் ஆகாது. வகுப்பில் பலர் செய்வது அதைத்தான். அடுத்தது, ‘போய், பார்த்து, வாங்கி, திரும்பி’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் வசனம் நீளும், எழுவாய் எங்கே போனது என்று தேட வேண்டிவரும். ஒரு வசனத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் வெட்டுங்கள்.

ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதே பிழை என்று நினைத்துவிடாதீர்கள். சொற்பொருட் பின்வருநிலையணி என்று நம் இலக்கணத்தில் அதை ஓர் அணியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சொல்லுக்கு அழுத்தம் கூட வேண்டும். உங்கள் பந்தியில் அப்படிக் கூடவில்லை, அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: என் பந்தியைப் பார்த்து எழுதாமல், அப்பாவிலிருந்து தொடங்கிப் புதிதாக ஒரு பந்தி எழுதுங்கள். எந்தக் கடை, என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரியாததால் அதை நான் எழுதவில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வசனத்தின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் கோடிட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை கொப்பியைக் கொண்டுவாருங்கள்.