தரப் பரிசோதகர் (கியூசி) தேவை – பின்னலாடை ஏற்றுமதி யூனிட், திருப்பூர்

காலியிடம் 2.

பொறுப்புகள்
தையல் லைனில் நின்று பீஸ்களைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. தையல் விடுபடுதல், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு மாற்றம் ஆகியவற்றை அங்கேயே பிடித்து, லைன் சூப்பர்வைசரிடம் உடனே சொல்ல வேண்டும். பேக்கிங்குக்கு முன் ஏ.க்யூ.எல். 2.5 முறையில் இறுதிச் சோதனை: 2,000 பீஸ் ஆர்டர் என்றால் 125 எடுத்துப் பார்ப்பீர்கள், பெரிய குறை 8 வந்தால் லாட் நிற்கும். கப்பல் தேதி நெருங்கினாலும் நிறுத்தும் உரிமை உங்களுடையது. அப்புறம், தினசரி ரிப்போர்ட்.

கட்டாயத் தகுதிகள்
பின்னலாடையில் 2 வருட கியூசி அனுபவம். அளவு அட்டவணையை டேப் வைத்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பட்டம் கேட்கவில்லை.

இருந்தால் நல்லது
எக்செல், ஜி.எஸ்.எம். கட்டர் பழக்கம். லைனில் வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம், எனவே கொஞ்சம் இந்தி.

சம்பளமும் சலுகைகளும்
மாதம் ரூ.18,000 முதல் 20,000 வரை. பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் உண்டு. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை வேலை. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஞாயிறு விடுமுறை. அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து கம்பெனி வேன் வரும். பெண்களும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.