பொது அறுவை சிகிச்சைத் துறை: ஜூன் மாத கேஸ் ஷீட்டுகளில் மாதிரித் தணிக்கை செய்ய முன்மொழிவு

அனுப்புநர்: தர அலுவலர், தர மேலாண்மைப் பிரிவு
பெறுநர்: துறைத் தலைவர், பொது அறுவை சிகிச்சைத் துறை
நாள்: 8 ஜூலை 2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் உங்கள் துறையிலிருந்து 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார்கள். அவர்களுடைய கேஸ் ஷீட்டுகளில் 77-ஐ மட்டும் எடுத்துப் படிக்க உங்கள் ஒப்புதலைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது சில கேஸ் ஷீட்டுகளில் மருந்து ஒவ்வாமைக்கான கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். நோயாளியிடம் கேட்டு, இல்லை என்று தெரிந்ததால் விட்டதா, கேட்கவே இல்லையா என்பது காலிக் கட்டத்தைப் பார்த்துத் தெரியாது. இரவு 2 மணிக்கு அந்த நோயாளியை முதல்முறையாகப் பார்க்கும் ட்யூட்டி டாக்டருக்கு அந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் நான் பார்த்தது கண்ணில் பட்ட சில ஷீட்டுகள்தான். அதை வைத்துத் துறை முழுவதும் இப்படித்தான் என்று சொல்வது நியாயம் இல்லை. அதனால்தான் முறையாக எடுத்துப் பார்க்கலாம் என்கிறேன்.

எதை எடுப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வார்டிலோ மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவிலோ "பத்து ஷீட் கொடுங்கள்" என்று கேட்டால், அழகாக எழுதி முடித்த பத்துதான் வரும். எனவே தேர்வு யார் கையிலும் இருக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் பட்டியலை ஐ.பி. எண் வரிசையில் இரண்டாகப் பிரிப்போம். திட்டமிட்ட ஆபரேஷன்கள் 168. அதில் மூன்றுக்கு ஒன்றாக 56. எமர்ஜென்சி 42, அதில் இரண்டுக்கு ஒன்றாக 21. எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதை உங்கள் துறை டாக்டர் ஒருவர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். ஒரு ஷீட் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து எண்ணை எடுக்க மாட்டோம். கிடைக்கவில்லை என்றே குறிப்போம்.

எமர்ஜென்சியில் கூடுதல் பங்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. அவசரத்தில், ஆள் குறைவான நேரத்தில் எழுதப்படுபவை அவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூன்றுக்கு ஒன்று எடுத்தால் எமர்ஜென்சியில் 14 தான் வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 21-உம் பெரிய எண் இல்லை, ஆனால் பெரிய ஓட்டை இருந்தால் காட்டிவிடும். துறை முழுவதற்குமான சதவீதம் போடும்போது இரண்டு பிரிவுக்கும் அதனதன் உண்மையான பங்கைக் கொடுத்தே கணக்கிடுவோம். அந்த எண் 95 சதவீத நம்பகத்தன்மையில் இரு பக்கமும் 10 புள்ளிக்குள் சரியாக இருக்கும். நமக்கு அது போதும். என்.ஏ.பி.எச். கேட்பதும் புள்ளியியல் அடிப்படையிலான மாதிரியைத்தான், எல்லா ஷீட்டையும் அல்ல. இறந்த நோயாளிகளின் கோப்புகள் இதில் சேராது. அவை முழுவதும் வழக்கம்போல் இறப்பு ஆய்வுக் கூட்டத்துக்கு வரும்.

பார்க்கப்போவது எழுத்தை மட்டும். நீங்கள் ஏன் இந்த ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்க எங்களுக்குத் தகுதியும் இல்லை, அது நோக்கமும் இல்லை. ஒவ்வாமை கேட்டு எழுதப்பட்டதா, சம்மதப் படிவம் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் தேதி, நேரம், டாக்டர் கையெழுத்துடன் இருக்கிறதா, வாய்மொழியாகச் சொன்ன மருந்துக்குப் பிறகு கையெழுத்து வந்ததா, வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சலோ சீழோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரி சொல்கிறதா, இப்படிப்பட்ட கேள்விகள். முக்கியமாக ஒன்று: ஆபரேஷனுக்கு முன் ஆன்டிபயாடிக் போட்ட நேரமும் கத்தி வைத்த நேரமும். பெரும்பாலான மருந்துகளுக்கு இடைவெளி 60 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். மருந்தைச் சரியாகவே போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் டிரக் சார்ட்டில் ஒரு நேரம், மயக்க மருந்துக் குறிப்பில் வேறு நேரம் இருந்தால், பின்னாளில் தையல் பழுக்கும்போது காரணம் தேட வழி இருக்காது.

ஒரு ஷீட்டுக்கு 15 நிமிடம் வைத்தால் மொத்தம் 19 மணி நேரம் சொச்சம் ஆகும். எங்கள் பிரிவு சிஸ்டர் ஒருவரும், உங்கள் துறையிலிருந்து நீங்கள் அனுப்பும் டாக்டர் ஒருவரும் பிரித்துப் படிக்கலாம். முதல் 10 ஷீட்டை இருவரும் தனித்தனியே படித்து, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொடங்குவோம். தன் நோயாளியின் ஷீட்டை அந்த டாக்டரே படிக்கக் கூடாது. கோப்பு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையை விட்டு வெளியே போகாது, போனில் படம் எடுப்பதும் கிடையாது. தணிக்கைத் தாளில் நோயாளி பெயரோ எழுதியவர் பெயரோ இருக்காது.

முடிவு முதலில் உங்களிடம்தான் வரும். நிர்வாகத்துக்குப் போகும் முன் உங்கள் துறைக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம். ஜூனியர் டாக்டர்களிடம் இதை நீங்களே சொன்னால் நல்லது. யாரையும் மாட்டிவிடுவதற்கு இல்லை என்பதை உங்கள் வாயால் கேட்டால் நம்புவார்கள். ஒரே கட்டம் பலர் கையிலும் காலியாக விடப்பட்டிருந்தால், படிவத்தில் அது இருக்கும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் படிவத்தை மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 14 திங்கள் தொடங்கி, ஓ.பி. முடிந்த பிறகு மதியம் 2 முதல் 4 வரை வைத்தால் அந்த வாரத்துக்குள் முடிந்துவிடும். கேள்விப் பட்டியலை இணைத்திருக்கிறேன். சேர்க்கவோ நீக்கவோ வேண்டியது இருந்தால் குறித்து, உங்கள் சார்பில் வரும் டாக்டரின் பெயரோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேசலாம் என்றாலும் சரி, உங்கள் தியேட்டர் நாள் இல்லாத எந்த நாளிலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தர அலுவலர்

இணைப்பு: தணிக்கைக் கேள்விப் பட்டியல்
நகல்: மருத்துவக் கண்காணிப்பாளர், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுப் பொறுப்பாளர்