ரெஃபரன்ஸ் லெட்டர் ஒண்ணு வேணும் மேடம் (கடைசி தேதி டிசம்பர் 15)

வணக்கம் மேடம், நான் கவிதா, 2023 பேட்ச் சிவில். ஃபைனல் இயர்ல உங்க கைடன்ஸ்ல ஃப்ளை ஆஷ் கான்கிரீட் ப்ராஜெக்ட் பண்ண டீம், லேப்ல கியூப் ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல தேதி எழுதிட்டே இருப்பேனே, அந்தப் பொண்ணுதான். நல்லா இருக்கீங்களா மேடம்?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்ல மாஸ்டர்ஸ் அப்ளை பண்றேன், அதுக்கு சொல்லிக்குடுத்த ப்ரொஃபசர் ஒருத்தர் கிட்ட இருந்து லெட்டர் கேக்கறாங்க. என் வேலையை பக்கத்துல இருந்து பாத்தது நீங்கதான், அதான் முதல்ல உங்களைக் கேக்கறேன். டிசம்பர் 15க்குள்ள போய் சேரணும், ஆனா கடைசி நாள்ல போர்ட்டல் படுத்தும்னு சொல்றாங்க, அதனால 10ஆம் தேதி வாக்குல முடிஞ்சா ரொம்ப நிம்மதியா இருக்கும். நீங்க ஓகே சொன்னதும் உங்க காலேஜ் மெயில் ஐடியை ஃபார்ம்ல போட்டுடுவேன், அப்லோட் லிங்க் அவங்களே உங்களுக்கு அனுப்புவாங்க, சில சமயம் ஸ்பாம்ல போய் ஒக்காந்துக்கும், அங்கயும் ஒரு தடவை பாத்துடுங்க. லெட்டர்ஹெட்ல, சைன் போட்டு பிடிஎஃப்பா இருந்தா போதும்.

ரெஸ்யூமே, மார்க்‌ஷீட், எஸ்ஓபி டிராஃப்ட் மூணும் இதோட வெச்சிருக்கேன். என்ன எழுதறதுன்றது உங்க இஷ்டம்தான், ஞாபகத்துக்காக ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். ஒரு மிக்ஸ்ல மூணு கியூப்ல ஒண்ணோட ரீடிங் ஆவரேஜ்ல இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகி இருந்துச்சு, டீம்ல அதை மட்டும் விட்டுட்டு ரிப்போர்ட் போடலாம்னாங்க, நான்தான் அந்த செட்டையே மறுபடி காஸ்ட் பண்ணி 28 நாள் க்யூரிங் முடிஞ்சு டெஸ்ட் பண்ணலாம்னு நின்னேன், அன்னைக்கு நீங்க கூட "சரி, பண்ணு"ன்னு உடனே சொல்லிட்டீங்க. அப்புறம் 7 நாள் ஸ்ட்ரெங்த் கம்மியா வந்தப்போ ஃப்ளை ஆஷ் மெதுவாத்தான் ரியாக்ட் ஆகும், அதனால 56 நாளும் பாக்கணும்னு ரிவ்யூல நான் எடுத்து சொன்னேன். ரிசர்ச் பொறுமை இருக்கான்னு பாக்கறவங்களுக்கு இந்த மாதிரி நடந்தது ஒண்ணு, "நல்ல மாணவி"ன்ற வரியை விட ரொம்ப உதவும்னு தோணுது. ஜூனியர்ஸுக்கு ஸ்லம்ப் டெஸ்ட் சொல்லிக்குடுத்ததை இடம் இருந்தா சேத்துக்கோங்க. படிப்பு முடிச்சதுல இருந்து டிசைன் ஆபீஸ்லதான் இருக்கேன், விவரம் ரெஸ்யூமேல இருக்கு. செகண்ட் இயர் மார்க் கொஞ்சம் சுமார்தான், அதை எஸ்ஓபில நானே சொல்லிட்டேன், நீங்க அதைத் தொட வேணாம்.

செமஸ்டர் வேலை நடுவுல நேரம் இல்லன்னாலோ, அழுத்தமா எழுத முடியாதுன்னு தோணுச்சுன்னாலோ தயங்காம சொல்லிடுங்க மேடம், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், இந்த வாரத்துக்குள்ள தெரிஞ்சா வேற யாரையாவது கேட்டுக்குவேன். போன்ல பேசறது ஈஸின்னா எந்த நேரம்னு ஒரு மெசேஜ் போடுங்க, கூப்பிடறேன். டிசம்பர் 5 போல ஒரு தடவை ஞாபகப்படுத்தட்டுமா?

நன்றி மேடம்,
கவிதா