ஈரக் கை

முறுக்கு வேண்டாம் என்று இசக்கி சொன்னதுமே கோமதி ஆச்சிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்கு ஒருவர் இருமுவது வழக்கம்தான். ஆனால் முறுக்கை மறுக்கிற பிள்ளை அல்ல அவன்.

ஆட்டுரலை விட்டு எழுந்து தார்சாவுக்கு வந்தாள். பையன் பாயில் சுருண்டு கிடந்தான்.

"லே இசக்கி, மேலுக்கு என்ன செய்கிறது?"

பதில் இல்லை. ஆச்சி அவனை உடனே தொடவில்லை. மாவுக் கையைக் கழுவி, முந்தானையில் அழுத்தித் துடைத்து, தன் கழுத்தடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். ஈரக் கைக்கு ஊரே காய்ச்சல்தான் என்பாள். கை தன் சூட்டுக்கு வந்த பிறகே அவன் நெற்றியில் வைத்தாள். அடுத்துப் பிடரி, வயிறு. கடைசியாக உள்ளங்கால்.

நெற்றி கொதித்தது. கால் ஐஸாக இருந்தது.

"ஏட்டி செல்வி, அந்தக் குழாயை எடுத்து வா. இவனுக்கு இன்னும் ஏறப்போகிறது."

தெர்மாமீட்டர் சாமி மாடத்தில், திருநீற்றுக் கொப்பரைக்குப் பின்னால் இருந்தது. அதை அங்கே ஒளித்து வைக்கக் காரணமே இசக்கிதான். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சூடான காப்பித் தம்ளரின் மேல் அதை ஒட்டி வைத்து 107 காட்டினான். நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆச்சி, "107 ஏறினவன் இட்லிக்குச் சட்னி கேட்கமாட்டான்" என்று சொல்லிப் பையை எடுத்து மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கை முதலில், குழாய் பிறகு.

"உதறினாயா?" என்றாள் ஆச்சி.

உதறாவிட்டால் போன மாதத்துக் காய்ச்சலைத்தான் மறுபடியும் காட்டும். குமிழுக்கு மேலே ஒரு குறுகல் இருப்பதால் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. செல்வி மெத்தைக்கு மேலே கையை நீட்டி, மணிக்கட்டைச் சொடுக்கிச் சொடுக்கி உதறினாள். சிமெண்டுத் தரையில் கைதவறினால் பாதரசம் உருண்டோடிவிடும். அந்தப் பயம் ஆச்சிக்கு உண்டு.

கக்கத்து வியர்வையைத் துடைத்து, குமிழை உள்ளே செருகி, அவன் கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள் ஆச்சி. வாயில் வைத்தால் கடித்துவிடுவான். நடுங்குகிற பிள்ளையை ஐந்து நிமிடம் அப்படிப் பிடித்திருப்பது லேசு இல்லை.

செல்வி குழாயை விளக்குப் பக்கம் திருப்பினாள். வெள்ளிக் கோடு ஒரு கோணத்தில்தான் கண்ணுக்குச் சிக்கும். கொஞ்சம் பிசகினாலும் வெறும் கண்ணாடி.

"101.2, ஆச்சி."

"காலண்டர் தாளில் எழுது. மணியையும் போடு."

திருநெல்வேலியில் துணிக்கடை வேலையில் இருந்த மருமகள் போனில் கேட்டதும் அதைத்தான். "எவ்வளவு அத்தை?" கையில் பட்ட சூட்டைப் போனில் எப்படி அனுப்புவது? ஆச்சி எண்ணைச் சொன்னாள். கூடவே, கால் சில்லென்று இருப்பதையும், வாந்தி இல்லை, ஒன்றுக்குப் போனான், உடம்பில் தடிப்பு இல்லை என்பதையும் சொன்னாள். மருமகள், "அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். நாளைக்கும் காய்ந்தால் ரத்தம் பார்த்துவிடுவோம், டெங்கு காலம்" என்றாள்.

கம்பளி கேட்டு அழுதவனுக்கு ஒற்றை வேட்டியைப் போர்த்தினாள். ஏழரை மணிக்கு மறுபடி உள்ளங்காலைத் தொட்டாள். இப்போது காலும் சுட்டது, நடுக்கமும் நின்றிருந்தது. ஏற வேண்டியது ஏறி முடிந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். குழாய் 102.8 காட்டியது. டாக்டர் சீட்டில் அவன் எடைக்கு எழுதியிருந்த அளவில் மருந்தைப் புகட்டி, வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து கழுத்தையும் கக்கத்தையும் துடைத்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், மறுபடி நடுக்கம் எடுக்கும் என்று செல்வியைத் தடுத்தாள்.

இவ்வளவுக்கும் இசக்கி லீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சியை 102.8 கூட அந்த அளவுக்குக் கலக்கவில்லை. இரண்டு தடவை மாடத்துக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து பூசினாள்.

ஒன்பது மணிக்கு மேல் முதுகெல்லாம் வியர்த்தது. சட்டையை மாற்றும்போது அவன் கண்ணைத் திறந்தான்.

"ஆச்சி, நாளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாதுதானே?"

செல்வி குழாயோடு வந்து நின்றாள். ஆச்சி அதை வாங்கக்கூட இல்லை.

"அதை அப்புறம் வைக்கலாம். முதலில் அடுப்பில் கஞ்சியை ஏற்று. நார்த்தங்காயும் எடு. இந்தக் களவாணிக்குப் பசி வந்துவிட்டது."