முதல் பரிசோதனை கணவருக்கு

எல்லோருக்கும் வணக்கம். கதவோரம் நிற்கிற தம்பிகள் உள்ளே வந்து உட்காருங்கள். குழந்தையின்மை முகாம் என்றதும் பொம்பளைங்க விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது முக்கியமாக உங்களிடம்தான்.

என்னிடம் வருகிற பெண்கள் பலர் ஒரு பை நிறைய ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். தைராய்டு பார்த்திருப்பார்கள், பலமுறை ஸ்கேன் எடுத்திருப்பார்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு கருக்குழாய் எக்ஸ்ரேயும் எடுத்திருப்பார்கள். சிலருக்கு வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியே முடிந்திருக்கும். "வீட்டுக்காரருக்கு என்னம்மா பார்த்தீங்க?" என்று கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு, "அவனுக்கு என்ன டாக்டர், நல்லாத்தானே இருக்கான்" என்பார். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். விந்து பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் தள்ளுவது அநியாயம்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டும், சிலரிடம் இருவர் பக்கமும். தாம்பத்யம் நன்றாக இருக்கிறது, உடம்பு திடமாக இருக்கிறது என்பதெல்லாம் விந்தணு எண்ணிக்கையைச் சொல்லாது. விந்து வெளியேறும், அதில் அணுவே இல்லாமலும் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அணு குறைவாக இருந்தால் ஆண்மை போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அது இரத்தசோகை மாதிரி ஒரு உடல்நலக் குறை, அவ்வளவுதான்.

நம் நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிற குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறோம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். ஆனால் கணவர் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போய் மாதம் நாலு நாள்தான் வீட்டில் இருக்கிறார் என்றால், அதை எப்படி ஒரு வருடம் என்று கணக்கில் எடுப்பது? 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குச் சுமாராகப் பதினாலாம் நாள் முட்டை வெளியே வரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் வாய்ப்புள்ள நாட்கள். அவர் வந்த நாலு நாளும் அதில் விழாவிட்டால் எந்த மருந்தும் உதவாது. மாமியார்களே, "கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு" என்று மருமகளைக் கேட்பதற்கு முன்னால், மகன் எத்தனை நாள் வீட்டில் இருந்தான் என்று காலண்டரைப் பாருங்கள்.

பீடி, சிகரெட், குடி எல்லாமே விந்தணுவைக் குறைக்கும். விரைப்பை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உற்பத்தியாகும். விரைப்பையில் இரத்தக்குழாய் புடைத்துக்கொள்கிற வேரிகோசீலும் ஒரு காரணம், தேவைப்பட்டால் அதைச் சரிசெய்யலாம். ஜிம்முக்குப் போகிற தம்பிகளே, உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி அப்படியே நின்றுபோகலாம். இன்று ஒரு பழக்கத்தை விட்டால் நாளைக்கே பலன் தெரியாது. புது அணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

அப்புறம், கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நிறையப் பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும், அதனால் மட்டும் கரு தங்காமல் போவதில்லை. உறவுக்குப் பிறகு கொஞ்சம் திரவம் வெளியே வருவதும் இயல்புதான். நாகதோஷம், சாபம் என்று பரிகாரம் செய்கிறீர்களா, உங்கள் மன ஆறுதலுக்குச் செய்யுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பெண்ணுக்கு வயது ஏற ஏற முட்டை குறையும், அது யாருக்காகவும் காத்திருக்காது.

பெண் பக்கத்திலும் காரணங்கள் உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினையால் முட்டை சரியாக வராமல் இருக்கலாம், கருப்பையிலோ கருக்குழாயிலோ காசநோய் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது நோய். அவள் செய்த குற்றம் இல்லை. அவளை வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விடுவதும், மகனுக்கு ரெண்டாவது பெண் பார்ப்பதும் எந்த நோய்க்கு வைத்தியம்? குறை மகனிடம் இருந்தால் ரெண்டாவதாக வருகிற பெண்ணுக்கும் இதே கதிதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இடதுபக்க மேசையில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். ஒருவர் பெயர் மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விந்து பரிசோதனைக்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் இன்று தேதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை உங்கள் கையில்தான் கொடுப்போம், வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம். ஒரு ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்தால் பதற வேண்டாம், இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவு செய்வோம். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு நான் பின்னறையில் இருப்பேன், இருவருமாக வாருங்கள்.